நடுவில் பாலம் கட்டாதீர்கள்: இரண்டு படிமங்களுக்கு இடையே தாவும் கவிதையை எழுதுவது எப்படி

கவிதை எழுதத் தொடங்கியவர்கள் அனுப்பும் வரிகளில் 'போல' நிறைய இருக்கும். உவமை தப்பில்லை. ஆனால் இரண்டு காட்சிகளை அருகருகே வைத்துவிட்டு, நடுவில் ஒன்றும் சொல்லாமல் விலகிக்கொள்ளும் இன்னொரு வழியும் உண்டு. வாசகர் முதலில் 'இது எங்கே இங்கே வந்தது?' என்று திகைப்பார். அடுத்த நொடி 'அட, ஆமாம்' என்பார். அந்த இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்க என்ன செய்ய வேண்டும் என்று பார்க்கலாம்.

முதலில் இதை நன்றாகச் செய்த ஒரு கவிதையைப் பிரித்துப் பார்ப்போம். குறுந்தொகையின் 25-ஆம் பாட்டு, கபிலர் எழுதியது:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யான்எவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே.

தலைவி தோழியிடம் சொல்கிறாள். அவன் என்னோடு கூடிய அன்று சாட்சி யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான். அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? தினைத்தாள் போன்ற சிறிய பச்சைக் கால்களோடு, ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு ஒரு குருகும் அங்கே இருந்தது. அவ்வளவுதான் பாட்டு.

இரண்டாம் வரி முடிந்ததும் ஒரு பெரிய தாவல். ஒரு பெண்ணின் பயத்திலிருந்து ஒரு பறவையின் காலுக்குப் போய்விடுகிறோம். ஆனாலும் நாம் வழி தவறுவதில்லை. முதல் வரியில் 'இல்லை', கடைசி வரியில் 'உண்டு'. சாட்சி இல்லை என்று சொன்னவள், ஒன்று உண்டு என்கிறாள். தாவலைத் தாங்கும் கீல் இந்த இரண்டு சொற்கள்தான். 'குருகும்' என்பதில் உள்ள அந்த 'உம்' இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கிறது.

அந்தக் குருகு பார்த்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் மீனை. இருந்த ஒரே சாட்சியின் கண்ணும் வேறெங்கோ. 'எனக்கு யாருமே இல்லை' என்று அவள் ஒரு முறைகூடப் புலம்பவில்லை. பறவை எங்கே பார்த்தது என்று மட்டும் சொல்கிறாள். அசையாமல் நின்று இரைக்குக் காத்திருக்கும் அந்தப் பறவையில் அவனுடைய சாயலும் எனக்குத் தெரிகிறது. கபிலர் அதைச் சொல்லவில்லை, நானும் வற்புறுத்த மாட்டேன்.

இன்னொன்று. பாட்டில் உவமை உருபு இருக்கிறது: 'தினைத்தாள் அன்ன'. அது காலுக்கு மட்டும்தான், நம் கண்ணுக்கு உதவ. கள்வனுக்கும் குருகுக்கும் நடுவில் 'அன்ன' கிடையாது.

சரி, இனி நாம் எழுதுவோம்.

படி 1: உணர்ச்சியை விட்டுவிட்டு ஒரு செயலை எழுதுங்கள்

'அப்பா இல்லாத வெறுமை' என்று தொடங்கினால் தாவ இடமே இருக்காது. நான் எடுத்துக்கொண்டது: 'இறந்துபோன அப்பாவின் எண்ணைப் ஃபோனிலிருந்து அழிக்கவில்லை.' ஒரு வாக்கியம், ஒரு செயல், போதும்.

படி 2: அதன் எலும்பை மட்டும் எடுங்கள்

அந்தச் செயலில் அப்பா, ஃபோன் இரண்டையும் நீக்கினால் என்ன மிஞ்சுகிறது? 'வந்துகொண்டிருந்தது நின்றுவிட்டது, அதற்கான பழக்கம் மட்டும் நிற்கவில்லை.' இது கவிதையில் வரக்கூடாத வாக்கியம். நோட்டின் ஓரத்தில் இருக்கட்டும். தேடுவதற்கு மட்டும்தான் இது.

படி 3: அதே எலும்புள்ள வேறு உடம்புகளைத் தேடுங்கள்

இந்தப் படியில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். பத்துப் பதினைந்தாவது எழுதுங்கள். என் பட்டியலில் வந்த சில: காலி நாற்காலி. அறுந்தும் துடிக்கும் பல்லிவால். இடித்துவிட்ட தியேட்டரின் பெயரிலேயே இன்னும் இருக்கும் பஸ் ஸ்டாப். தண்டவாளத்தை எடுத்துவிட்ட ரயில்வே கேட்.

காலி நாற்காலி மிகப் பக்கம். அது அப்பாவின் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது, தாவலே இல்லை. பல்லிவால் துடிக்கிறது, ஆனால் அதோடு ஓர் அருவருப்பும் வருகிறது, அது இங்கே வேண்டாம். தியேட்டர் ஸ்டாப் எனக்குப் பிடித்தது, ஆனால் அதில் மனிதர் யாரும் எதுவும் செய்யவில்லை, பெயர் மட்டும் மிச்சம். ரயில்வே கேட்டில் ஓர் உடம்பு இருக்கிறது. மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதை 2010 கடைசியில் நிறுத்தப்பட்டது. அகலப்பாதையாகித் தேனி வரை ரயில் திரும்பி வந்தது 2022-இல். இப்படி வருடக்கணக்கில் ரயில் வராத பாதையில் கேட் இருந்த இடத்துக்கு வந்ததும், சைக்கிளில் போகிறவர் கால் தானாகத் தரையில் ஊன்றும். அதுதான் வேண்டும்.

இன்னொரு பொறி: உங்களுக்கு மட்டுமே தெரிந்த தொடர்பு. அப்பா இறந்த அன்று பக்கத்து வீட்டில் பலாப்பழம் அறுத்தார்கள் என்பதால் எனக்குப் பலா வாசனையும் அப்பாவும் ஒன்று. வாசகருக்கு அது வெறும் பலாப்பழம்.

படி 4: எழுதுங்கள், பிறகு பாலத்தை இடியுங்கள்

என் முதல் வரைவு:

அப்பாவின் எண்ணை இன்னும் அழிக்கவில்லை.
தண்டவாளம் பிடுங்கிய ரயில்வே கேட்டைப் போல
வெறுமையாய்க் காத்திருக்கிறது என் மனம்.

'போல' போகட்டும். 'வெறுமையாய்', 'மனம்' இரண்டும் வாசகர் செய்ய வேண்டிய வேலையை முந்திக்கொண்டு செய்கின்றன. 'ரயில்வே கேட்' என்ற சொல்லே வேண்டாம், அங்கே நடப்பது போதும். அப்புறம், 'இன்னும்' என்ற சொல்தான் என் கீல். அது அப்பாவின் வரியில் இருந்தால் அங்கேயே அழுகை வந்துவிடுகிறது. அதைத் தூக்கி இரண்டாவது காட்சியில் போட்டேன்.

அப்பாவின் எண்ணை
அழிக்கவில்லை.

தண்டவாளம் பிடுங்கிய இடத்தில்
பால்காரர் இன்னும்
சைக்கிளை விட்டு இறங்கி
இரண்டு பக்கமும் பார்க்கிறார்.

நடுவில் ஒரு வெற்று வரி விட்டிருக்கிறேன். தாவுவதற்கு முன் வாசகர் மூச்சு வாங்க அந்த இடம் வேண்டும்.

படி 5: மாற்றிப் போட்டுச் சோதியுங்கள்

இரண்டாவது காட்சியை எடுத்துவிட்டுத் தொடர்பே இல்லாத ஒன்றை வையுங்கள். 'மொட்டை மாடியில் யாரோ வற்றல் காயவைக்கிறார்' என்று போட்டேன். அதுவும் ஏதோ ஆழமாக இருப்பது போலக் கொஞ்ச நேரம் ஏமாற்றும். பக்கத்தில் எதை வைத்தாலும் மனம் ஒரு தொடர்பை இட்டுக்கட்டிவிடும். அதனால் இரண்டையும் மறுநாள் படியுங்கள். வற்றல் வரி அடுத்த நாள் செத்துக் கிடந்தது. உங்கள் அசல் வரியும் அப்படிக் கிடந்தால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.

இவ்வளவு சிறிய கவிதையில் ஒரு தாவல் போதும். நான் ஆசைப்பட்டு தியேட்டர் ஸ்டாப்பையும் கடைசியில் சேர்த்துப் பார்த்தேன். மூன்றாவது காட்சி வந்ததும் அது உதாரணப் பட்டியல் ஆகிவிட்டது, எலும்பு வெளியே தெரிந்தது.

கடைசியாக, விளக்கம் ஏதும் சொல்லாமல் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். 'இதுக்கு என்ன அர்த்தம்?' என்று கேட்டால் தாவல் தூரமாகிவிட்டது. 'நல்லா இருக்கு' என்று உடனே திருப்பிக் கொடுத்தால் பெரும்பாலும் மிகப் பக்கம். என் தோழி படித்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. அப்புறம், 'பால்காரர் எந்தப் பக்கம் முதலில் பார்ப்பார்?' என்று கேட்டாள்.