ரவுட்டர் பக்கத்தில் யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரவுட்டரில் யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க்கைச் செருகியதிலிருந்து 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை திணறுகிறது, 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் நன்றாக ஓடுகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்த டிஸ்க்கையும் அதன் கேபிளையும்தான். யூஎஸ்பி 3 நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவை அனுப்புகிறது. அதில் எழும் ரேடியோ இரைச்சல் 2.4 முதல் 2.5 கிகாஹெர்ட்ஸ் வரையிலும் பரவிக் கிடக்கும். ஷீல்டு சரியில்லாத டிஸ்க் பெட்டி, கேபிள், இணைப்பான் வழியே அது வெளியே கசிகிறது. டிஸ்க்கின் அருகே இந்த இரைச்சல் ஏறக்குறைய 20 டெசிபல் கூடுவதை இன்டெல் 2012இல் அளந்து வெளியிட்டது.

பலர் செய்யும் முதல் தவறு, போனில் தெரியும் சிக்னல் கோடுகளை நம்புவது. அவை ரவுட்டரின் குரல் போனுக்கு எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை மட்டுமே காட்டும். இரைச்சலோ ரவுட்டரின் ஆன்டெனா பக்கத்தில் இருக்கிறது; போன் சொல்வது ரவுட்டருக்குத்தான் கேட்பதில்லை. தூரத்து அறையிலுள்ள போனின் சிக்னல் ரவுட்டரை −70 டிபிஎம் அளவில் எட்டுகிறது, அங்கே இரைச்சல் −92 என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 22 டெசிபல், தாராளம். இரைச்சல் −80 ஆக உயர்ந்தால் மிஞ்சுவது 10தான். போனில் கோடுகள் குறையாது, ஆனால் வேகம் சரியும்.

சானலை மாற்றிப் பார்ப்பதும் பெரும்பாலும் வீண். இரைச்சல் பட்டை முழுவதும் பரவியிருப்பதால் 1, 6, 11 எதற்குப் போனாலும் கூடவே வரும்.

சோதிக்கும்போது, கோப்பு நகலெடுப்பதை நிறுத்தினால் போதும் என்று நினைக்காதீர்கள். தரவு போகாத நேரத்திலும் இணைப்பு விழித்திருந்தால் இரைச்சல் இருக்கும். கேபிளையே கழற்ற வேண்டும். தூரத்து அறையில் மடிக்கணினியை 2.4இல் இணைத்து, டிஸ்க் இருக்கும்போது ஒருமுறை, கழற்றியபின் ஒருமுறை இதை ஓட்டுங்கள் (விண்டோஸ், உங்கள் ரவுட்டர் முகவரியை இடுங்கள்):

```
ping -n 50 192.168.1.1
```

கழற்றியதும் தாமதமும் இழப்பும் தெளிவாகக் குறைந்தால் காரணம் உறுதி.

அடுத்த தவறு, டிஸ்க்கை அலுமினியத் தாளில் சுற்றுவது. கேபிளும் இணைப்பானும் வெளியேதான் இருக்கும், டிஸ்க்குக்குச் சூடும் ஏறும். மலிவான நீட்டிப்புக் கேபிளும் அப்படித்தான்; ஷீல்டு மோசமென்றால் அதுவே ஆன்டெனா ஆகிவிடும். நல்ல ஷீல்டு உள்ள ஒரு மீட்டர் கேபிளில் டிஸ்க்கை ஆன்டெனாக்களிடமிருந்து தள்ளி வையுங்கள்.

அதைவிட நிச்சயமான வழி, இணைப்பை யூஎஸ்பி 2க்கு இறக்குவது. ரவுட்டர் அமைப்புகளில் அந்தத் தெரிவு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், டிஸ்க்கின் அகலமான மைக்ரோ பி துளையின் பெரிய பாதியில் பழைய போன்களின் மைக்ரோ யூஎஸ்பி டேட்டா கேபிள் பொருந்தும். நொடிக்கு 30 முதல் 40 மெகாபைட் வரை கிடைக்கும். வீட்டில் படம் பார்க்க அது போதும். ஒரே கவனம் மின்சாரம்: யூஎஸ்பி 2இன் வரையறை 500 மில்லிஆம்பியர், 3இல் 900. டிஸ்க் சுழலத் தொடங்காமல் டிக் டிக் என்று ஒலித்தால் உடனே கழற்றி, தனி மின் அடாப்டர் கொண்ட யூஎஸ்பி ஹப் வழியாக இணையுங்கள்.