16 வீடு, ஒரு மெயின் ஸ்விட்ச்: அபார்ட்மெண்டுக்கு மேக்சிமம் டிமாண்ட் கணக்கிடும் முறை

சென்னையில் அடிக்கடி பார்க்கும் ஒரு கட்டடத்தையே எடுத்துக்கொள்வோம். கீழே பார்க்கிங், மேலே நான்கு மாடி, மாடிக்கு நான்கு வீடு. பொதுவில் ஒரு லிப்ட், தண்ணீர் மோட்டார், போர்வெல் மோட்டார், மாடிப்படி விளக்குகள், மின்சாரக் கார்களுக்கு நான்கு சார்ஜிங் பாயிண்ட். இதற்கு எத்தனை ஆம்பியர் மெயின் ஸ்விட்ச் வேண்டும்?

முதலில் ஒரு வீடு. வீட்டில் இருப்பதை எல்லாம் எழுதுங்கள். இரண்டு ஏசி 3.2 கிலோவாட், இரண்டு கீசர் 4, இண்டக்‌ஷன் அடுப்பு 2, மிக்ஸி 0.75, வாஷிங் மெஷின் 0.5, விளக்கும் மின்விசிறியும் 0.4, ஃபிரிட்ஜும் டிவியும் 0.3. மொத்தம் 11.15. இதுதான் கனெக்டட் லோடு. 16 வீட்டுக்கும் இதைப் பெருக்கி, பொதுச் சாதனங்களையும் கூட்டினால் சுமார் 204 கிலோவாட் வரும், அதாவது 300 ஆம்பியருக்கு மேல். அத்தனையும் ஒரே நேரத்தில் ஓடவே ஓடாது. அந்த அளவுக்கு கேபிள் வாங்குவது வீண் செலவு. ஒரே நேரத்தில் நிஜமாக ஓடும் அதிகபட்ச லோடுதான் மேக்சிமம் டிமாண்ட், நமக்கு வேண்டியது அதுதான்.

அடுத்து, நேரத்தைப் பிடியுங்கள். புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் மொத்தத்தை 0.5 ஆல் பெருக்கிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. எந்த மணியில் எது ஓடும் என்று கேட்டால்தான் கணக்கு நிஜமாகும். இந்தக் கட்டடத்துக்கு இரண்டு நேரங்கள் முக்கியம்: காலை ஆறரை, மே மாத இரவு பத்தரை.

காலையில் ஒரு வீட்டில் ஒரு கீசர், அடுப்பு, மிக்ஸி, விளக்கு, ஃபிரிட்ஜ் சேர்ந்து 5.25 கிலோவாட். ஆனால் கீசர் கால் மணி நேரம்தான் ஓடும், எல்லா வீட்டிலும் ஒரே நிமிடத்தில் குளிக்கவும் மாட்டார்கள். அதனால் 16 வீட்டின் மொத்தத்தை 0.5 ஆல் பெருக்கினால் போதும். இரவில் இரண்டு ஏசி, விளக்கு, மின்விசிறி, ஃபிரிட்ஜ் சேர்ந்து ஒரு வீட்டுக்கு 3.7 தான், ஆனால் மே மாதப் புழுக்கத்தில் எல்லா வீட்டிலும் ஏசி மணிக்கணக்கில் ஓடும். அங்கே 0.7 வைக்கிறேன். பிரெஞ்சு மின் விதிமுறையில் 15 முதல் 19 வீடுகளுக்கு 0.53 என்று இருக்கிறது. அதை அப்படியே எடுத்து சென்னை இரவுக்குப் போடாதீர்கள்.

இப்போது பட்டியல். மோட்டார்களுக்குத் தகட்டில் உள்ள கிலோவாட்டை அதன் எஃபிஷியன்சியால் வகுத்து எழுதுங்கள். 5.5 கிலோவாட் லிப்ட் மோட்டார் லைனில் இருந்து சுமார் 6.5 இழுக்கும். ஸ்டாண்ட்பை மோட்டாரைச் சேர்க்க வேண்டாம்.

| லோடு (கிலோவாட்) | காலை 6:30 | இரவு 10:30 |
|---|---|---|
| 16 வீடுகள் | 42.0 | 41.4 |
| கார் சார்ஜிங், தலா 3.3 | 3.3 | 13.2 |
| லிப்ட் | 6.5 | 6.5 |
| தண்ணீர், போர்வெல் மோட்டார் | 4.9 | 0 |
| பொது விளக்குகள் | 0 | 1.0 |
| மொத்தம் | 56.7 | 62.1 |

வீடுகள் மட்டும் என்றால் இரண்டு நேரமும் கிட்டத்தட்ட சமம். இரவை மேலே தூக்குவது கார்கள். ஆபீஸில் இருந்து வந்ததும் எல்லோரும் பிளக்கில் மாட்டிவிடுவார்கள், அதனால் அதற்குக் குறைப்பே கிடையாது. மோட்டாருக்கு டைமர் வைத்துப் பகலில் ஓட்டுவதாகத்தான் இரவில் பூஜ்யம் போட்டிருக்கிறேன். டைமர் இல்லையா? இரவிலும் 4.9 சேருங்கள்.

பவர் ஃபேக்டர் 0.9 என்று வைத்தால்:

```
62.1 / 0.9 = 69 kVA
69000 / (1.732 × 415) = 96 A
```

125 ஆம்பியர் ஸ்விட்ச் போதும் என்று தோன்றும். பொறுங்கள்.

ஃபேஸ் வாரியாகப் பிரிப்பது. 96 என்பது மூன்று ஃபேஸும் சமமாக இருந்தால் வரும் எண். வீடுகளுக்கு சிங்கிள் ஃபேஸ் இணைப்பு என்றால் 6, 5, 5 என்றுதான் பிரியும். ஆறு வீடு உள்ள ஆர் ஃபேஸிலேயே நான்கு சார்ஜரையும் மாட்டிவிட்டால், லிப்டின் பங்கோடு சேர்த்து அந்த ஒரு ஃபேஸில் மட்டும் 143 ஆம்பியர் ஓடும். மே மாத நள்ளிரவில் 125 ஆம்பியர் ஸ்விட்ச் ட்ரிப் ஆகிக் கட்டடமே இருட்டாகலாம். மற்ற இரண்டு ஃபேஸும் லேசாக இருப்பதால், லோடு அதிகம் என்று யாருக்கும் தோன்றாது, ஸ்விட்ச் கெட்டுவிட்டது என்று மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

அதே சார்ஜர்களை ஆர் ஒன்று, ஒய் இரண்டு, பி ஒன்று என்று பிரித்து, பொது விளக்கை பி ஃபேஸில் வையுங்கள். அதிகம் உள்ள ஒய் ஃபேஸில் சுமார் 101 ஆம்பியர்தான். இப்போது 125 தாராளமாகத் தாங்கும். அதனால் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் எந்த ஃபேஸ் என்று ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும், எலக்ட்ரீஷியன் அதைப் பார்த்துத்தான் பேனலில் மாட்டுவார்.

லிப்ட் கிளம்பும்போது சில விநாடி கூடுதலாக இழுப்பதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மேக்சிமம் டிமாண்ட் காட்டும் மீட்டர் 15 அல்லது 30 நிமிடச் சராசரியைத்தான் பதிவு செய்யும். அந்த விநாடிகளை பிரேக்கர் தேர்வின்போது தனியாகப் பார்க்க வேண்டும்.

எல்லா வீட்டிலும் ஆள் குடிவந்த பிறகு, மே மாதத்தில் ஒரு இரவு டாங் டெஸ்டரை எடுத்துப்போய் மெயின் பேனலில் மூன்று ஃபேஸையும் நியூட்ரலையும் அளந்து பாருங்கள். மூன்றுமே கணக்கைத் தாண்டினால் 0.7 குறைவு, அதை உயர்த்தி எழுதுங்கள். ஒன்று மட்டும் தாண்டி, நியூட்ரலிலும் நிறைய ஓடினால், யாரோ ஒரு சார்ஜரை ஃபேஸ் மாற்றி மாட்டியிருக்கிறார்கள்.