சாயம் போன சேலைக்கு எப்படிப் பதில் எழுதுவது?

வாட்ஸ்அப்பிலோ இன்ஸ்டாகிராமிலோ சேலை விற்கிற சின்னக் கடைக்கு வரும் புகார்களில் எழுதுவதற்குக் கஷ்டமானது சாயம் போன புகார்தான். பார்சல் தாமதமென்றால் கூரியரைக் கேட்டுச் சொல்லிவிடலாம். சாயம் போனால் தப்பு சேலையிலா, துவைத்த விதத்திலா என்று விற்றவருக்கே தெரியாது. தெரியாத நேரத்தில்தான் கை தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வார்த்தைகளைத் தட்டச்சு செய்யும். அதனால் அந்த ஒரு புகாரை எடுத்துக்கொண்டு, பதிலை முதல் வரியிலிருந்து எழுதிப் பார்ப்போம்.

செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்கு இப்படி ஒரு செய்தி வருகிறது:

"போன வாரம் உங்ககிட்ட வாங்கின மெரூன் காட்டன் சேலை, முதல் தடவை துவைச்சதுக்கே சாயம் போயிடுச்சு. கூடப் போட்ட வீட்டுக்காரரோட வெள்ளை வேட்டி முழுக்க ரோஸ் கலர். ஞாயித்துக்கிழமை கிரகப்பிரவேசத்துக்குன்னு எடுத்து வச்ச வேட்டி அது. 1,850 ரூபாய் குடுத்து இதுக்கா வாங்கினேன்?"

பெரும்பாலான கடைகளிலிருந்து இதற்குப் போகும் பதில் இதுதான்:

"மேடம், முதல் சலவை தனியாகத்தான் போட வேண்டும் என்று கார்டிலேயே போட்டிருக்கிறோமே. டார்க் கலர் காட்டனில் கொஞ்சம் சாயம் போவது சகஜம். இதுவரை யாரும் இப்படிச் சொன்னதில்லை. தங்களுக்கு ஏதேனும் சிரமம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம்."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் நாலு வரியும் நாலு தடவை "தப்பு உங்கள் பேரில்" என்கின்றன. இதைப் படித்தவர் அடுத்து செய்வது, போட்டோவோடு ரிவ்யூ போடுவது.

படி 1: புகாரில் எது அவசரம் என்று கண்டுபிடியுங்கள்

செய்தியை இரண்டு தடவை படியுங்கள். முதல் தடவை படித்தால் சேலைதான் கண்ணில் படும். இரண்டாம் தடவை படித்தால் ஞாயிற்றுக்கிழமை தெரியும். அவருக்கு இப்போதைய தொல்லை விசேஷத்துக்கு வேட்டி இல்லாதது. சேலைக்குப் பணம் அடுத்த வாரம் வந்தாலும் பொறுத்துக்கொள்வார். வேட்டிக்குப் பணம் அடுத்த வாரம் வந்தால் பயனில்லை. தீர்வு ஞாயிற்றுக்கு முன்னால் அவர் கையில் இருக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு மேலே போங்கள்.

படி 2: ஒரு மணி நேரத்துக்குள் சின்னதாக ஒரு பதில்

விசாரித்து முடிக்கும் வரை பேசாமல் இருப்பது நியாயமாகத் தோன்றும். ஆனால் நீல டிக் விழுந்தும் பதில் வராத ஒவ்வொரு மணி நேரமும், நழுவப் பார்க்கிறீர்கள் என்றே எதிர்ப்பக்கம் நினைக்கும். (இணையத்தில் விற்கும் நிறுவனங்கள் புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள். வாட்ஸ்அப்பில் 48 மணி நேரம் என்பது ஒரு யுகம்.)

"வணக்கம் மேடம். முதல் சலவையிலேயே சாயம் இறங்கி, ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருந்த வேட்டியும் போய்விட்டது என்பதைப் பார்த்தேன். மன்னிக்கவும். எங்களிடம் மீதமுள்ள இதே சேலையை இப்போதே நனைத்துப் பார்க்கிறோம். சேலை, வேட்டி இரண்டின் போட்டோவும், வேட்டி என்ன விலை என்பதும் அனுப்புங்கள். மதியம் 1 மணிக்குள் என்ன செய்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன்."

கேட்டது இரண்டே விஷயம். தீர்மானம் எடுக்க எது தேவையோ அதை மட்டும் கேளுங்கள். பார்சல் பிரிக்கும் வீடியோ இருக்கிறதா என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிடாதீர்கள். கிழிசலுக்கும் பொருள் குறைந்ததற்கும் அந்த வீடியோ உதவும். துவைத்த பிறகு இறங்கிய சாயத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, உங்களை நம்பவில்லை என்ற செய்தி மட்டும் போய்ச் சேரும்.

"விரைவில்" என்று எழுதாமல் 1 மணி என்று எழுதியிருப்பதையும் கவனியுங்கள். உங்களால் எந்த நேரத்துக்குள் முடியுமோ அதைவிட ஒரு மணி நேரம் கூட்டிச் சொல்லுங்கள்.

படி 3: தப்பு எங்கே என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்

இதே லாட்டில் ஒரு சேலையை எடுத்து, முந்தானை ஓரத்தை வெள்ளைக் கிண்ணத்தில் பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வையுங்கள். பிறகு ஈரமான வெள்ளைத் துணியால் அந்த இடத்தில் பத்து தடவை அழுத்தித் தேயுங்கள். தண்ணீர் லேசாக நிறம் மாறி, துணியில் கறை ஒட்டாமல் இருந்தால் அது மேலோட்டமான மிச்சச் சாயம், முதல் அலசலில் போய்விடும். தண்ணீர் நன்றாகச் சிவந்து துணியிலும் அப்பிக்கொண்டால், சாயப்பட்டறையில் சாயம் போட்டபின் செய்யவேண்டிய சோப்பு அலசல் சரியாக நடக்கவில்லை, நூலில் பிடிக்காத சாயம் அப்படியே தங்கியிருக்கிறது என்று பொருள்.

நம் உதாரணத்தில் தண்ணீர் சிவந்துவிட்டது. ஆக லாட்டிலேயே குறை. அவர் வேட்டியோடு சேர்த்துப் போட்டதும் உண்மைதான். ஆனால் தனியாகத் துவைக்கச் சொல்லும் வரி, ஆர்டர் எடுக்கும்போது எங்கேயும் இல்லை. சேலை மடிப்புக்குள் வைத்த கார்டில், அதுவும் ஆங்கிலத்தில் இருந்தது. இதை வாடிக்கையாளர் தலையில் கட்ட முடியாது.

முடிவு: சேலைப் பணம் 1,850, அவர் சொன்ன வேட்டி விலை 650, மொத்தம் 2,500 ரூபாய், இன்றே. மாற்றுச் சேலை அனுப்பலாமா? அதே லாட் என்றால் அதே சாயம்தான், வேண்டாம். சாயம் போன சேலையைத் திருப்பி வாங்குவதும் வீண், கூரியர் செலவுதான் மிச்சம். பதில் எழுத உட்காருவதற்கு முன்பே இந்தத் தொகை முடிவாகியிருக்க வேண்டும். முடிவில்லாமல் எழுதினால்தான் "பார்த்து ஏதாவது செய்கிறோம்" என்ற வரி வரும்.

படி 4: முழுப் பதில்

"மேடம், இதே லாட்டில் இருந்த சேலையைப் பச்சைத் தண்ணீரில் நனைத்துப் பார்த்தோம். அதிலும் சாயம் இறங்குகிறது. குறை எங்கள் சேலையில்தான். விசேஷத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது உங்களுக்கு இந்த அலைச்சலைக் கொடுத்துவிட்டோம். மன்னித்துவிடுங்கள்.

சேலைக்கு 1,850, வேட்டிக்கு 650, மொத்தம் 2,500 ரூபாயை இன்று மாலை 5 மணிக்குள், நீங்கள் பணம் அனுப்பிய அதே ஜிபே எண்ணுக்கு அனுப்புகிறேன். அனுப்பியதும் யுடிஆர் எண்ணை இங்கே போடுகிறேன். சேலையைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

வேட்டியை இன்னும் இஸ்திரி போடவில்லை என்றால் போடாதீர்கள், சூட்டில் கறை இறுகிவிடும். சோப்புத்தூள் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து மறுபடி அலசினால் கறை குறைய வாய்ப்புண்டு. முழுக்கப் போகும் என்று சொல்ல முடியாது, அதனால்தான் விலையையும் சேர்த்து அனுப்புகிறேன்."

வரிசையைப் பாருங்கள். நடந்தது என்ன, யார் குறை, அவருக்கு என்ன பாதிப்பு, என்ன தொகை, எப்போது, எப்படி. பரிவு ஒரே வரிதான். ஆனால் அதில் "ஐந்து நாள்" இருக்கிறது, அது அவருடைய செய்தியிலிருந்து எடுத்தது. ரயில் நிலைய அறிவிப்பில் வரும் "அசௌகரியத்திற்கு வருந்துகிறோம்" யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும், அதனால்தான் யாரையும் தொடுவதில்லை. அதற்காகப் பரிவை மூன்று பத்திக்கு நீட்டினாலும் பணம் எங்கே என்று தேடவேண்டி வரும்.

அழைக்கும் முறையை மாற்றாதீர்கள். ஆர்டர் எடுக்கும்போது "மேடம்" என்றால் இப்போதும் மேடம், "அக்கா" என்றால் அக்காதான். புகார் வந்ததும் திடீரென்று "தாங்கள்", "தங்களுக்கு" என்று ஏறுவது விலகிப் போவதாகத்தான் கேட்கும்.

படி 5: அனுப்புமுன் மூன்று இடத்தில் களையெடுங்கள்

முதலாவது, ஏகாரம். தமிழில் சண்டை போடும் எழுத்து ஒன்று உண்டென்றால் அது இதுதான். "கார்டில் போட்டிருக்கிறோம்" என்பது தகவல். "போட்டிருக்கிறோமே" என்பது குற்றச்சாட்டு. "சொன்னோமே", "கார்டிலேயே", "அன்றைக்கே" என்று எங்கெல்லாம் ஏகாரம் ஒட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் எடுத்துவிட்டு மறுபடி வாசித்துப் பாருங்கள். "தான்" என்ற சொல்லையும் இதே கண்ணோடு பாருங்கள். "தனியாகத்தான் துவைக்க வேண்டும்" குத்துகிறது. "குறை எங்கள் சேலையில்தான்" குத்தவில்லை, அங்கே அழுத்தம் நம்மீது விழுகிறது.

இரண்டாவது, "இருந்தால்". "சிரமம் ஏற்பட்டிருந்தால்" என்பது சிரமம் ஏற்பட்டதா என்றே சந்தேகப்படுகிறது. ரோஸ் கலர் வேட்டியின் போட்டோ உங்கள் கையில் இருக்கிறது. இன்னும் விசாரித்து முடியாவிட்டாலும் நடந்ததை நடந்ததாகவே சொல்லலாம், காரணத்தை மட்டும் பிறகு சொல்லலாம்.

மூன்றாவது, ஆளில்லாத வினை. "பணம் திருப்பி அளிக்கப்படும்" என்றால் யார் அளிப்பார்? "அனுப்புகிறேன்" என்று எழுதுங்கள். எழுத மனம் வரவில்லை என்றால் இன்னும் முடிவெடுக்கவில்லை என்று அர்த்தம், படி 3-க்குத் திரும்புங்கள்.

தப்பு சேலையில் இல்லை என்றால்?

அரை மணி நேரம் ஊறியும் வெள்ளைத் துணியில் கறை ஒட்டவில்லை, அவர் வெந்நீரில் போட்டதாக அவரே சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது முழுத்தொகை தரவேண்டியதில்லை. ஆனால் மறுப்பதையும் குத்தாமல் செய்யலாம்:

"வேட்டி வீணானதற்கு வருத்தப்படுகிறேன், மேடம். இதே லாட் சேலையைப் பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்தோம், சாயம் இறங்கவில்லை. வெந்நீர் பட்டால் இந்த மெரூன் இறங்கும். இதை ஆர்டரின்போதே நாங்கள் சொல்லவில்லை, அதற்காக வேட்டியின் விலை 650 ரூபாயை இன்று அனுப்புகிறேன். சேலைக்குப் பணம் திருப்பித் தர முடியவில்லை."

முடியாது என்பதை ஒரே தடவை, கடைசியில், காரணம் சொன்ன பிறகு எழுதியிருக்கிறோம். "நீங்கள் வெந்நீரில் போட்டதால்" என்று எழுவாயாக அவரை நிறுத்தவில்லை, வெந்நீரை நிறுத்தினோம். "எங்கள் பாலிசிப்படி" என்ற சொல்லும் இல்லை. பாலிசியோடு யாரும் பேச முடியாது, காரணத்தோடு பேசலாம்.

பொதுவெளியில் ரிவ்யூ வந்துவிட்டால்

அங்கே இரண்டு வரி போதும்: "சாயம் இறங்கியதும் வேட்டி வீணானதும் எங்கள் சேலையின் குறை, மன்னிக்கவும். இரண்டுக்கும் பணம் இன்று அனுப்புகிறோம், விவரம் உங்கள் வாட்ஸ்அப்பில்." அவர் பெயர், போன் எண், ஆர்டர் எண் எதையும் அங்கே போடாதீர்கள். ரிவ்யூவை எடுத்துவிடச் சொல்லியும் கேட்காதீர்கள், கேட்டால் அந்த 2,500 ரூபாய் லஞ்சமாகிவிடும்.

பணம் அனுப்பிய பிறகு

5 மணி என்று சொன்னதால் 4.30-க்கு அனுப்பிவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டோடு 12 இலக்க யுடிஆர் எண்ணையும் எழுத்தாகவே ஒட்டுங்கள். பணம் வரவில்லை என்றால் அவர் வங்கியில் காட்டிக் கேட்க அந்த எண்தான் வேண்டும், ஸ்கிரீன்ஷாட்டிலிருந்து அதைக் காப்பி எடுப்பது எல்லோருக்கும் எளிதல்ல. மறுநாள் "பணம் வந்துவிட்டதா மேடம்?" என்று ஒரு வரி கேளுங்கள். அதோடு புதுச் சேலைகளின் போட்டோவை இணைக்காதீர்கள்.

அந்த லாட்டில் மிச்சம் இருப்பதை விற்பனையிலிருந்து எடுத்து வையுங்கள். அதே மெரூன் வாங்கிய மற்றவர்களுக்கு, அவர்கள் துவைக்கும் முன்பே ஒரு செய்தி போகட்டும்: "இந்த லாட்டில் சாயம் இறங்குவதாகத் தெரிந்தது. துவைக்க வேண்டாம், பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன்."