ரிப்பனுக்கு மதிப்பெண் போட்டு, எத்தனை பங்கு வாங்கலாம் என்று கணக்கிடுவது

சார்ட்டில் மூவிங் ஆவரேஜ் போடவும் பைத்தானில் விலைப் பட்டியலைத் திறக்கவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். நான் எடுப்பது 10, 20, 30, 40, 50, 60 நாள் இஎம்ஏ, அதாவது அண்மை விலைக்கு அதிக எடை கொடுக்கும் மூவிங் ஆவரேஜ். இந்த ஆறு கோடுகளும் சேர்ந்ததுதான் ரிப்பன். நல்ல ஏறுமுகத்தில் 10 உச்சியிலும் 60 அடியிலுமாக ஆறு கோடுகளும் வரிசையாக நிற்கும். அந்த வரிசை எவ்வளவு கலையாமல் இருக்கிறது என்பதற்குத்தான் மதிப்பெண்.

பலரும் அடுத்தடுத்த கோடுகளை மட்டும் ஒப்பிடுவார்கள். 10-ஐ 20-உடன், 20-ஐ 30-உடன் என்று ஐந்து ஜோடி. சரியான ஜோடிக்கு +1, தலைகீழுக்கு -1, கூட்டி ஜோடிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் மதிப்பெண். விலை சட்டென்று சரிந்து, 10 நாள் கோடு மற்ற ஐந்துக்கும் கீழே போய்விட்டால் என்ன ஆகும்? ஐந்தில் ஒரு ஜோடிதான் தப்பு, மதிப்பெண் 0.6. போக்கு இன்னும் திடமாக இருப்பதுபோல் காட்டும். ஆறு கோடுகளின் எல்லா ஜோடிகளையும் எடுத்தால் 15 வரும். அதில் ஐந்து தப்பு, பத்து சரி: 5/15, அதாவது 0.33. இதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

```python
import numpy as np
n = [10, 20, 30, 40, 50, 60]
e = [df["Close"].ewm(span=k, adjust=False).mean() for k in n]
s = 0
for i in range(6):
    for j in range(i + 1, 6):
        s = s + np.sign(e[i] - e[j])
df["score"] = (s / 15).shift(1)
```

கடைசி வரியின் `shift(1)` விட்டுப்போனால், இன்றைய முடிவு விலையை வைத்து இன்று காலையே வாங்கியதாகக் கணக்கு வரும். பழைய தரவில் லாபம் பொய்யாகக் கொழிக்கும். முதல் 200 நாள் மதிப்பெண்ணையும் ஒதுக்கிவிடுங்கள். 60 நாள் கோட்டில், 60 நாள் கழித்தும் முதல் நாள் விலையின் எடை சுமார் 13% மிச்சம் இருக்கும்.

இப்போது அளவு. கையில் உள்ள மூலதனம் 5 லட்சம், ஒரு வர்த்தகத்தில் 1% வரை, அதாவது 5,000 ரூபாய் வரை இழக்கலாம். பங்கின் ஏடிஆர், அதாவது விலை ஒரு நாளில் சராசரியாக ஏறி இறங்கும் அளவு, 20 ரூபாய். ஸ்டாப் லாஸ் அதில் இரண்டு மடங்கு, 40 ரூபாய். முழு அளவு 125 பங்கு. அதை மதிப்பெண்ணால் பெருக்க வேண்டும், 0.33 என்றால் 41. பூஜ்யத்துக்குக் கீழே போனால் ஒன்றும் வேண்டாம். தினமும் கூட்டிக் குறைத்தால் தரகும் வரியும் தின்றுவிடும், கடைசியாக மாற்றியபோது இருந்த மதிப்பெண்ணிலிருந்து 0.25-க்கு மேல் நகர்ந்தால் மட்டும் மாற்றுகிறேன்.

இது வரிசையை மட்டும்தான் பார்க்கும், இடைவெளியைப் பார்க்காது. பக்கவாட்டுச் சந்தையில் கோடுகள் ஒட்டிக்கிடந்தாலும் சில நாள் 1 வந்துவிடும். அதனால் 10-க்கும் 60-க்கும் உள்ள இடைவெளி ஒரு ஏடிஆரைவிடக் குறைவாக இருந்தால், நான் பாதிதான் வாங்குவேன்.

பின்சேர்க்கை: நன்றாக ஏறும் பங்குக்கு மதிப்பெண் திடீரென்று -1 ஆகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். பங்குப் பிரிப்புக்குச் சரிசெய்யாத விலையை எடுத்திருந்தார். ஒரு பங்கு ஐந்தாகப் பிரிந்த நாளில் விலை ஐந்தில் ஒன்றாக விழும், ரிப்பன் சில நாளில் கவிழ்ந்துவிடும். சரிசெய்த விலையையே எடுங்கள்.