நீண்ட கோரிக்கை மின்னஞ்சலில் புல்லட் பாயின்ட்: எங்கே போடுவது, எங்கே விடுவது

நீளமான மின்னஞ்சலைப் பெறுபவர் பெரும்பாலும் அதைக் கைப்பேசியில், வேறு வேலைக்கு நடுவில்தான் திறக்கிறார். என்ன கேட்கிறார்கள், எந்தத் தேதிக்கு, நான் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் உடனே கண்ணில் படாவிட்டால் "அப்புறம் பார்க்கலாம்" என்று மூடிவிடுவார். ஒரே ஒரு குட்டிப் பட்டியல் இந்தச் சிக்கலைத் தீர்க்கும். ஆனால் மின்னஞ்சல் முழுவதையும் புல்லட்டாக உடைத்தால் பழைய சிக்கல் வேறு உருவத்தில் திரும்பி வரும்.

ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். ஒரு வானியல் குழு, அரசு உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் மாணவர்களுக்குத் தொலைநோக்கி வழியாக நிலாவையும் வியாழனையும் காட்ட விரும்புகிறது. தலைமை ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுத வேண்டும்.

படி 1: முதலில் புல்லட் இல்லாமல் எழுதுங்கள்

மனதில் இருப்பதை அப்படியே சாதாரண வாக்கியங்களில் கொட்டிவிடுங்கள். நம் குழுவின் முதல் வரைவு இப்படி இருக்கும்:

> எங்கள் குழு பள்ளி மாணவர்களுக்கு வான்நோக்கல் நிகழ்ச்சிகள் நடத்தி வருகிறது. ஜனவரி 23 வெள்ளி அன்று வளர்பிறை என்பதால் நிலாவின் பள்ளங்கள் நன்றாகத் தெரியும். உங்கள் மைதானம் திறந்தவெளி என்பதால் அங்கே நடத்தினால் நன்றாக இருக்கும். மாலை 6.30 முதல் 8.30 வரை நடக்கும். இருட்டு தேவை என்பதால் விளக்குகள் அணைந்திருந்தால் நல்லது. ஓர் ஆசிரியர் உடன் இருக்க வேண்டும். மாணவர்கள் இருட்டிய பின் வீடு திரும்புவதால் பெற்றோர் ஒப்புதலும் தேவைப்படும்.

இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் விளக்கு பற்றிய வரி நடுவில் புதைந்து கிடக்கிறது. தலைமை ஆசிரியர் "சரி, நடத்துங்கள்" என்று பதில் போடுவார். காவலருக்குச் செய்தி போகாது. அன்று மாலை மைதானத்தைப் பார்த்த பெரிய விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

படி 2: "அவர் செய்ய வேண்டியது" எது என்று பிரியுங்கள்

வரைவில் பெறுபவர் செய்ய வேண்டிய, தர வேண்டிய விஷயங்களின் கீழ் மட்டும் கோடு போடுங்கள். இங்கே நான்கு கிடைக்கும்: மைதானம், விளக்கு, ஆசிரியர், பெற்றோர் ஒப்புதல். புல்லட்டுக்குள் போக வேண்டியவை இவை மட்டுமே. குழுவின் அறிமுகம், வளர்பிறை, நன்றி எல்லாம் பத்தியிலேயே இருக்கட்டும்.

சந்தேகம் வந்தால் இரண்டு சோதனைகள். பெறுபவர் பேனாவை எடுத்து அந்த வரிக்குப் பக்கத்தில் டிக் போட முடியுமா? வரிகளின் இடத்தை மாற்றினாலும் பொருள் கெடாமல் இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் அது புல்லட். "அதனால்", "ஆனால்", "ஏனென்றால்" போட்டுத்தான் முந்தைய வரியோடு சேர்க்க முடிகிறது என்றால் அது பத்திக்கு உரியது.

காரணங்களைத் தனிப் புல்லட்டாகப் போடுவதுதான் தொடக்கநிலையில் அதிகம் நடக்கும் பிழை. "இருட்டுக்குக் கண் பழக நேரம் ஆகும்" என்று ஒரு புல்லட், "விளக்கு அணைத்தல்" என்று இன்னொன்று. இரண்டுக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோகிறது. படிப்பவருக்கு இரண்டு கோரிக்கைகள் போலத் தெரிகிறது, எதற்காக என்பதும் புரிவதில்லை.

படி 3: மையக் கோரிக்கையை முதல் இரண்டு வரிக்குக் கொண்டு வாருங்கள்

அது முழு வாக்கியமாக, தேதியோடும் நேரத்தோடும் இருக்க வேண்டும். புல்லட்டோடு மின்னஞ்சலைத் தொடங்காதீர்கள். எதற்கான பட்டியல் என்று தெரியாமல் பட்டியலைப் படிக்க யாராலும் முடியாது. தலைப்பு வரியிலும் தேதி இருக்கட்டும்: "வான்நோக்கல் நிகழ்ச்சி: ஜனவரி 23 மாலை, மைதான அனுமதி கோரி".

படி 4: பட்டியலை எழுதுங்கள்

ஒரு மின்னஞ்சலுக்கு ஒரு பட்டியல், அதில் மூன்று முதல் ஐந்து வரி. ஒவ்வொன்றும் கைப்பேசித் திரையில் இரண்டு வரிக்கு மேல் மடங்காமல் இருந்தால் போதும்.

தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வரும். கண்ணோ இடது ஓரத்தை மட்டும் மேலிருந்து கீழாக ஓட்டிப் பார்க்கும். "மாலை 6.15 முதல் 8.30 வரை மைதானத்தைப் பார்த்த விளக்குகளை அணைத்துத் தர வேண்டுகிறோம்" என்று எழுதினால் ஓட்டிப் பார்ப்பவருக்கு "மாலை 6.15" மட்டும்தான் தெரியும். எனவே பொருளின் பெயரை முன்னால் வையுங்கள், விவரம் பின்னால் வரட்டும்.

மரியாதையும் இங்கேதான் நழுவும். "விளக்கை அணைக்கவும்", "ஆசிரியரை அனுப்பவும்" என்று வரிசையாக வந்தால் உத்தரவு போலத் தோன்றும். புல்லட்டுக்குள் வினையே வேண்டாம். வேண்டுகோளைப் பட்டியலுக்கு முன்னால் வரும் ஒரே வாக்கியம் சுமக்கட்டும்.

திருத்திய வடிவம்:

> மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.
>
> ஜனவரி 23, வெள்ளி மாலை 6.30 முதல் 8.30 வரை உங்கள் பள்ளி மைதானத்தில் 8, 9-ஆம் வகுப்பு மாணவர்களுக்கு வான்நோக்கல் நிகழ்ச்சி நடத்த அனுமதி கோருகிறோம். அன்று வளர்பிறை நிலாவின் பள்ளங்களையும் வியாழன் கோளையும் தொலைநோக்கியில் காட்ட முடியும். தொலைநோக்கிகளை நாங்களே கொண்டு வருகிறோம். கட்டணம் எதுவும் இல்லை.
>
> இதற்காகப் பள்ளியின் தரப்பில் இந்த நான்கு உதவிகளை வேண்டுகிறோம்:
>
> 1. மைதானம்: மாலை 5.30 முதல் 9 மணி வரை
> 2. விளக்குகள்: மைதானத்தைப் பார்த்தவை மட்டும், 6.15 முதல் அணைப்பு
> 3. ஆசிரியர்: நிகழ்ச்சி முடியும் வரை ஒருவர்
> 4. பெற்றோர் ஒப்புதல்: ஜனவரி 21-க்குள் (படிவம் இணைப்பில்)
>
> கண் இருட்டுக்குப் பழகினால்தான் மங்கலான விண்மீன்கள் தெரியும் என்பதால் விளக்கை முன்னதாகவே அணைக்கக் கேட்கிறோம். வாசல், நடைபாதை விளக்குகள் எரியலாம். ஜனவரி 12-க்குள் தங்கள் பதில் கிடைத்தால் ஏற்பாடுகளைத் தொடங்க வசதியாக இருக்கும்.

புள்ளிக்குப் பதில் எண் போட்டிருப்பதைக் கவனியுங்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் தேவைப்படும்போது எண்ணே நல்லது. "1, 2, 4 சரி, 3 பற்றிப் பேச வேண்டும்" என்று அவர் ஒரே வரியில் எழுதிவிடலாம். விளக்குக்கான காரணம் பட்டியலுக்குக் கீழே தனிப் பத்தியாக இருப்பதால் பட்டியல் ஒல்லியாகவே நிற்கிறது.

படி 5: தட்டச்சும் சோதனையும்

கணினியில் ஜிமெயில் திறந்திருந்தால் `Ctrl+Shift+8` புள்ளிப் பட்டியலையும் `Ctrl+Shift+7` எண் பட்டியலையும் தரும். வேறு செயலியிலிருந்து ஒட்டினால் இடைவெளியும் எழுத்துருவும் சிதறலாம். `Ctrl+Shift+V` கொடுத்து வெறும் எழுத்தாக ஒட்டி, பட்டியலை அங்கேயே போடுங்கள். புல்லட்டுக்குள் இன்னொரு புல்லட் வேண்டாம். கைப்பேசியின் குறுகிய திரையில் உள்வரி வலதுபக்கம் ஒதுங்கி, ஒரு வரிக்கு இரண்டு மூன்று சொல்லாக ஒடுங்கிவிடும்.

அனுப்பும் முன் உங்களுக்கே ஒரு பிரதி அனுப்பிக் கைப்பேசியில் திறந்து பாருங்கள். முதல் பத்தியையும் பட்டியலின் முதல் சொற்களையும் மட்டும் படியுங்கள். என்ன, எப்போது, யார் என்பது புரியவில்லை என்றால் படி 3-க்குத் திரும்புங்கள்.

கேட்பது ஒன்றோ இரண்டோ என்றால் பட்டியலே தேவையில்லை, ஒரு வாக்கியம் போதும். ஏழெட்டு வந்துவிட்டால் இப்போதே முடிவு தேவைப்படும் மூன்று நான்கை மட்டும் மின்னஞ்சலில் வைத்து, மிச்சத்தை ஒரு பக்க இணைப்பாகக் கொடுங்கள். நினைவூட்டல் அனுப்பும்போதும் பழைய பட்டியலை மறுபடி ஒட்ட வேண்டாம், நிலுவையில் இருப்பதை மட்டும் கேளுங்கள்: "மற்ற மூன்றுக்கும் இசைவு தந்ததற்கு நன்றி. 3-ஆவதாகக் கேட்டிருந்த ஆசிரியர் யார் என்று மட்டும் தெரிவித்தால் அவரோடு பேசிக்கொள்கிறோம்."