வட சென்னை வீட்டு பிராட்பேண்டின் கடைசி பில்: வெளிநாடு வந்த பிறகு முடிக்க வேண்டிய கணக்கு

பெரம்பூரிலோ தண்டையார்பேட்டையிலோ குடியிருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு அண்மையில் வெளிநாடு வந்தவர்கள், அங்கே விட்டுவந்த போஸ்ட்பெய்டு பிராட்பேண்ட் தானாக நின்றுவிடும் என்று இருந்துவிடக் கூடாது. ரூட்டரை அணைத்து வைத்தாலும், இணைப்பை மூடும்படி முறையாகக் கேட்கும் வரை வாடகை ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

கடைசி பில்லில் முதலில் பார்க்க வேண்டியது, வாடகை எந்தத் தேதியோடு நிறுத்தப்பட்டிருக்கிறது என்பதைத்தான். விண்ணப்பம் கொடுத்த நாள், இணைப்பைத் துண்டித்த நாள், கருவியைத் திருப்பிக் கொடுத்த நாள் ஆகிய மூன்றும் வெவ்வேறாக இருக்கக்கூடும் என்பதால், இவற்றுள் எதைக் கணக்கில் கொள்வார்கள் என்பதைக் கோரிக்கை எண்ணோடு சேர்த்து எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஓர் உதாரணம்: மாத வாடகை 600 ரூபாய், பில் காலம் ஜூன் 1 முதல் 30 வரை, இணைப்பு மூடப்பட்டது ஜூன் 12. ஒரு நாளைக்கு 20 ரூபாய் வீதம் 12 நாளுக்கு 240 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி 43.20 சேர்த்தால் 283.20. மே மாத பில் 708 ரூபாயும் கட்டாமல் இருந்தால் மொத்த பாக்கி 991.20 ஆகும். டெபாசிட் 1,500 ரூபாய் என்றால், அதில் இந்தப் பாக்கியைக் கழித்துக்கொண்டு 508.80 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். ஜூனுக்கு 240-க்குப் பதில் 600 என்றிருந்தால், நாள் கணக்கில் வாடகை குறைக்கப்படவில்லை என்று பொருள். வரியோடு சேர்த்து 424.80 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள். ஆனால் சில திட்டங்களின் விதிமுறையிலேயே முழு மாத வாடகை உண்டு என்றிருக்கும், அதைப் படித்துவிட்டுக் கேள்வி எழுப்புங்கள்.

பெரும்பாலான தகராறு கருவியில்தான் வருகிறது. நம் பகுதிகளில் இணைப்பைப் பார்த்துக்கொள்ளும் உள்ளூர் ஆள் வந்து பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார். ஆனால் அது நிறுவனத்தின் கணக்கில் ஏறாமல் போனால், கடைசி பில்லில் ரூட்டரின் விலையும் சேர்ந்துவிடும். எனவே கொடுப்பதற்கு முன்பே ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண் தெரியும்படி படம் எடுத்து அனுப்பச் சொல்லி, வீட்டிலிருக்கும் அப்பாவிடமோ தம்பியிடமோ சொல்லி வையுங்கள். ரசீதில் அந்த எண்ணும், தேதியும், அடாப்டர் கொடுத்த விவரமும் இருக்க வேண்டும்; வாய்வார்த்தை போதாது.

அவர்கள் உங்கள் சார்பில் போகும்போது கையெழுத்திட்ட கடிதமும் அடையாள அட்டை நகலும் தேவைப்படலாம். ஓடிபி வரும் இந்திய மொபைல் எண்ணை இந்தக் கணக்கு முடிவதற்கு முன் மூடிவிடாதீர்கள். வெளிநாட்டில் குடியேறியபின் உங்கள் சேமிப்புக் கணக்கு என்ஆர்ஓ கணக்காக மாற வேண்டும் என்பதால், டெபாசிட் எந்தக் கணக்கு எண்ணுக்கு வர வேண்டும் என்பதையும் விண்ணப்பத்திலேயே சரியாகக் குறிப்பிடுங்கள்.

பில் தவறாக வந்தால் முதலில் வாடிக்கையாளர் சேவையில் புகார் பதிந்து டாக்கெட் எண் பெறுங்கள். அங்கே தீராவிட்டால், அந்த எண்ணையும் ரசீதின் படத்தையும் இணைத்து அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம்.