அப்புச்சி குரல் இருக்கட்டும், காலை வணக்கம் போகட்டும்: வாட்ஸ்அப்பில் எதை வைப்பது, எதை அழிப்பது?

போனில் இடம் தீர்ந்துபோச்சு என்று அறிவிப்பு வந்ததும் பலர் செய்வது, ஏதாவது ஒரு குரூப்பைத் திறந்து கண்ணில் பட்டதை அழிப்பதுதான். அப்படிச் செய்ய வேண்டாம். எடுத்து வைக்க வேண்டியதை முதலில் எடுத்து வைப்போம், அழிப்பது அப்புறம். இங்கே சொல்வது ஆண்ட்ராய்டு போனுக்கானது. கோபிப் பக்கம் இருக்கும் எங்கள் அம்மாவின் போனையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

"கூகுள் டிரைவில் பேக்கப் போகிறதே, அது போதாதா?" என்று கேட்பீர்கள். போதாது. பேக்கப் என்பது போனில் இன்றைக்கு இருப்பதன் நகல். இன்று அழித்தால் அடுத்த பேக்கப்பிலும் அது இருக்காது. போதாக்குறைக்கு, 2024 முதல் வாட்ஸ்அப் பேக்கப்பும் கூகுள் கணக்கின் இலவச 15 ஜிபிக்குள் கணக்காகிறது. போனில் குப்பை இருந்தால் அங்கேயும் இடம் போகும்.

படி 1: எது இடத்தை அடைக்கிறது என்று பாருங்கள்

வாட்ஸ்அப்பில் Settings, அதில் Storage and data, அதில் Manage storage. கீழே ஒவ்வொரு அரட்டையும் எவ்வளவு இடம் எடுக்கிறது என்று பெரியது முதல் சிறியது வரை வரிசையாக வரும். இப்போதைக்குப் பார்க்க மட்டும் செய்யுங்கள்.

அம்மாவின் போனில் முதலிடம் சொந்தக்காரர் குரூப்புக்கு, பல ஜிபி. அடுத்தது தினமும் ஈரோட்டு மஞ்சள் விலையைப் படமாகப் போடும் குரூப். அம்மாவின் அப்பா, எங்கள் அப்புச்சியோடு பேசிய அரட்டை பட்டியலில் எங்கோ அடியில் கிடந்தது. பெரும்பாலும் எல்லார் போனிலும் இப்படித்தான் இருக்கும். எழுத்தும் குரல் பதிவும் எடுப்பது கொஞ்ச இடம். ஒரு நிமிடக் குரல் பதிவு பொதுவாகச் சில நூறு கேபிக்குள் அடங்கிவிடும். கோயில் திருவிழா வீடியோ ஒன்றை அழித்தால் கிடைக்கும் இடத்தில் அப்புச்சி மணிக்கணக்காகப் பேசியதை வைத்துக்கொள்ளலாம். அதனால் எழுத்தையும் குரலையும் பற்றி அதிகம் யோசிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். கறாராக இருக்க வேண்டியது வீடியோவிலும் படத்திலும்தான்.

படி 2: எழுத்தை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள்

முக்கியமான நாலைந்து பேரின் அரட்டைகள் போதும். அரட்டையைத் திறந்து, மேலே மூன்று புள்ளி, More, Export chat. படங்களோடு வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, வரும் கோப்பை டிரைவிலோ உங்கள் மின்னஞ்சலிலோ போடுங்கள். படம் இருந்த இடத்தில் `<Media omitted>` என்று இருக்கும், பரவாயில்லை.

எடுத்த கோப்பைத் திறந்து முதல் வரியின் தேதியைக் கட்டாயம் பாருங்கள். ஏற்றுமதிக்கு உச்சவரம்பு உண்டு. படம் இல்லாமல் எடுத்தால் கடைசி 40,000 செய்திகள், படத்தோடு எடுத்தால் கடைசி 10,000 என்பது வாட்ஸ்அப் சொல்லும் கணக்கு. அதைத் தாண்டிய பழைய செய்திகள் சத்தமில்லாமல் விடுபடும். அரட்டை 2016இல் தொடங்கியிருக்க, கோப்பு 2020இல் தொடங்கினால் அதுதான் காரணம். விடுபட்ட பகுதியில் வேண்டியதை ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து வையுங்கள். வேறு வழியில்லை.

படி 3: குரல் பதிவுகள்

கொஞ்சம் பொறுமை வேண்டிய இடம் இதுதான். "அழிச்சா அப்புச்சி பேச்செல்லாம் போயிருமாட்ட இருக்குதே" என்று அம்மா பயந்ததும் இதை நினைத்துத்தான். கம்ப்யூட்டர் இருந்தால் போனை கேபிளில் இணைத்து, இந்த ஃபோல்டரை அப்படியே நகலெடுங்கள்:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Voice Notes
```

உள்ளே கோப்புகள் `PTT-20190414-WA0007.opus` என்ற மாதிரி இருக்கும். நடுவில் இருப்பது தேதி. யார் பேசியது என்று பெயரில் இருக்காது. எல்லார் குரலும் கலந்து கிடக்கும். பத்து வருடம் கழித்து யாரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்கப் போவதில்லை. அதனால் முக்கியமானதை அரட்டையிலிருந்தே எடுங்கள். பதிவை அழுத்திப் பிடித்து, பகிர்வதைத் தேர்ந்து டிரைவில் சேமித்து, உடனே பெயர் மாற்றுங்கள்.

அம்மா எடுத்த முதல் பதிவில் அப்புச்சி, "கண்ணு, வானம் இருட்டிக்கிட்டு வருது, களத்துல மஞ்சள் காயுது, தார்ப்பாய எடுத்து மூடச் சொல்லு" என்கிறார். பின்னால் மயில் அகவுகிறது. அன்றைக்கு அது வெறும் தகவல். `2019-04 அப்புச்சி களத்து மஞ்சள்` என்று பெயர் வைத்தோம். கடைசி எழுத்துகளான `.opus` என்பதை மட்டும் மாற்றாதீர்கள். சில பிளேயர்களில் இது ஓடாது, வி.எல்.சி.யில் ஓடும்.

படி 4: படமும் வீடியோவும்

ஒரே கேள்வி போதும்: இது போனால் வேறு எங்காவது கிடைக்குமா? மாமா பெண் கல்யாணத்தின் ஸ்டூடியோ ஆல்பம் மாமா வீட்டில் இருக்கிறது. குரூப்பில் இருப்பது வாட்ஸ்அப் சுருக்கிய நகல்தான், போகட்டும். அதே கல்யாணத்தில் இணைச்சீர்ச் சடங்கு நடக்கும்போது சித்தி தன் போனில் எடுத்த வீடியோ வேறு சங்கதி. சித்தியின் அந்தப் போன் தண்ணீரில் விழுந்து போய்விட்டது, இருப்பது இந்த ஒரு நகல்தான். ஆட்டி ஆட்டி எடுத்திருந்தாலும் வைக்க வேண்டும்.

ஞாபகமும் இல்லாமல் குப்பையும் இல்லாமல் மூன்றாவது வகை ஒன்று உண்டு: பட்டா, ரசீது, மொய் நோட்டுப் பக்கங்களின் படம். இவற்றைத் தனி ஃபோல்டரில் போடுங்கள். யார் எவ்வளவு மொய் வைத்தார்கள் என்பது திருப்பிச் செய்யும்போது தெரிந்தாக வேண்டுமல்லவா?

படி 5: இனி அழிக்கலாம்

எடுத்து வைத்தவை வேறு கருவியில் திறக்கின்றனவா என்று இரண்டு மூன்றைத் திறந்து பாருங்கள். பிறகு Manage storage போய், முதலில் Forwarded many times. குறைந்தது ஐந்து கை மாறி வந்தவை இவை, தயங்காமல் அழிக்கலாம். போன் அடியோடு நிரம்பி எதையுமே சேமிக்க முடியவில்லை என்றால் மட்டும் இந்த ஒன்றை முதல் படியாகவே செய்துகொள்ளுங்கள்.

அடுத்து Larger than 5 MB. இதில் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் அழிக்க வேண்டும், மொத்தமாகத் தேர்வு செய்ய வேண்டாம். அழித்த பிறகு அரட்டையில் மங்கலான படம் தெரிந்தாலும், பழைய கோப்பைத் தொட்டால் மீண்டும் இறங்காது. கேலரியிலிருந்து அழித்தவை குப்பைத்தொட்டியில் உட்கார்ந்திருக்கும். அதைக் காலி செய்தால்தான் இடம் வரும்.

மஞ்சள் விலை, காலை வணக்கம் மாதிரி குரூப்புகளுக்கு Disappearing messages போட்டுவிடுங்கள். 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று மூன்று அளவு உண்டு. விலைப் படத்துக்கு 24 மணி நேரமே தாராளம். குரூப்பில் எல்லாருக்கும் இது பொருந்தும் என்பதால் அட்மினிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போடுங்கள். இனி வரும் செய்திகள்தான் மறையும், பழையதை நீங்களேதான் அழிக்க வேண்டும். வீட்டு ஆட்களின் அரட்டையில் இதைத் தொட வேண்டாம்.